ஏப்ரலில் கைமாறும் புத்தகம்

முழுப் பரீட்சை முடிந்த அன்றைக்கே மேல்வகுப்பு அண்ணனின் வீட்டு வாசலில் போய் நின்று, "உங்க புத்தகத்த வேற யாருக்கும் குடுத்துராதீங்க" என்று சொல்லி வைக்கும் வழக்கம் ஒரு காலத்தில் எல்லா ஊரிலும் இருந்தது. பாதி விலை என்பது எழுதாத விதி. பிரவுன் ஷீட் அட்டை போட்டு, முனை மடங்காமல் வைத்திருந்தவர் முக்கால் விலை கேட்பார், கொடுத்தும் வாங்கினார்கள். அரசுப் பள்ளி, உதவி பெறும் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடப்புத்தகம் இலவசமாக வந்தபிறகு அங்கே அதற்குத் தேவை இல்லாமல் போயிற்று. சீருடையும் அப்படித்தான். சத்துணவு சாப்பிடும் எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்கு ஆண்டுக்கு 4 செட் அரசே தருகிறது. ஆகவே பழைய புத்தகம், பழைய சீருடை என்ற கேள்வி இன்று பெரும்பாலும் தனியார் பள்ளிக்குப் பணம் கட்டும் பெற்றோரின் கேள்வி. ஏப்ரலிலோ ஜூனிலோ கல்விக் கட்டணத்தோடு இன்னொரு ரசீதாக வந்து நிற்பது அவர்களுக்குத்தான்.

அந்த ரசீதைப் பிரித்துப் பார்க்காமல் இதைப் பற்றிப் பேசிப் பயனில்லை. பெரும்பாலான பள்ளிகளில் புத்தகம் தனித்தனியாக வருவதில்லை, ஒரே கட்டாக வருகிறது. ஒரு கணக்குக்காக, ஏழாம் வகுப்புக்குப் போகும் ஒரு பையனின் கட்டு 5,200 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அதில் பள்ளிப் பெயர் அச்சிட்ட நோட்டுகள் 1,400. விடையை அதிலேயே எழுதும் பயிற்சிப் புத்தகங்கள் 1,300. இந்த இரண்டும் கைமாறாது. போன வருடப் பிள்ளை எழுதி முடித்த நோட்டை யாரும் வாங்க முடியாது. மிச்சம் 2,500 ரூபாய்க்கான எட்டுப் பாடப்புத்தகங்கள்தான் கைமாறக்கூடியவை. அதிலும் ஒன்று இந்த ஆண்டு மாறிவிட்டது, ஒன்று கிடைக்கவில்லை என்றால் 600 ரூபாய் போய்விடும். மற்றவை சும்மா கிடைத்தால்கூட உண்மையான மிச்சம் 1,900. "பழைய புத்தகம் வாங்கினால் பாதிச் செலவு" என்று நினைத்து இறங்குகிறவர்கள் ஏமாறுவது இங்கேதான். மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேலே மிச்சமாகிறது, அவ்வளவே. அது சின்னத் தொகை என்று நான் சொல்லமாட்டேன். இரண்டு பிள்ளைகள் உள்ள வீட்டில் அது ஒரு மாத மளிகையில் பெரும்பங்கு. ஆனால் எதில் மிச்சம், எதில் இல்லை என்று முன்பே தெரிந்திருந்தால்தான் முயற்சி பாதியில் நிற்காது.

வகுப்பு ஏற ஏறக் கைமாறும் பங்கு கூடுகிறது. ஒன்று, இரண்டாம் வகுப்புப் புத்தகங்களில் பிள்ளை வண்ணம் தீட்டியிருக்கும், கோடு இழுத்து இணைத்திருக்கும், கட்டத்துக்குள் எண்ணை எழுதியிருக்கும். அழிரப்பர் போட்டு அழித்தாலும் விடை தெரியும். என்னைக் கேட்டால் மூன்றாம் வகுப்பு வரை புத்தகத்தை விட்டுவிடலாம், சீருடையை மட்டும் பார்க்கலாம். எட்டாம் வகுப்புக்கு மேலே வந்தால் புத்தகம் வாசிப்பதற்கு என்று ஆகிவிடுகிறது. பென்சில் கோடு, ஓரக்குறிப்பு, அடிக்கோடு தவிர வேறொன்றும் இருக்காது. நன்றாகப் படித்த பிள்ளையின் ஓரக்குறிப்புள்ள புத்தகத்தைப் புதியதைவிட விரும்பிக் கேட்பவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

அடுத்த கேள்வி எந்தப் பாடத்திட்டம் என்பது. மாநிலப் பாடத்திட்டத்தில் ஒரு பெரிய வசதி உண்டு. 2011இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு சமச்சீர்க் கல்வி பத்தாம் வகுப்பு வரை எல்லா வகுப்புக்கும் வந்ததிலிருந்து, மதுரை மெட்ரிகுலேஷன் பள்ளிப் பிள்ளைக்கும் கடலூர் அரசுப் பள்ளிப் பிள்ளைக்கும் முக்கியப் பாடங்களில் புத்தகம் ஒன்றுதான். எனவே பள்ளி வேறானாலும் கைமாற்றலாம். தெருவில் யாரிடம் இருக்கிறது என்று கேட்டால் போதும். பாடநூல் கழகத்தின் விலையும் தனியார் பதிப்பக விலையைவிடக் குறைவு என்பதால் மிச்சம் குறைவாகத் தெரியும், ஆனால் தேடும் அலைச்சலும் குறைவு. கீழ் வகுப்புகளில் பருவவாரியாகத் தனித்தனிப் புத்தகம் என்பதை மட்டும் மறக்கக்கூடாது. முதல் பருவப் புத்தகம் மூன்றும் ஒழுங்காக இருக்க, மூன்றாம் பருவத்துக் கணக்கு மட்டும் காணாமல் போயிருப்பது சகஜம்.

சி.பி.எஸ்.இ. பள்ளிகளில் எட்டாம் வகுப்பு வரை பல பள்ளிகள் தனியார் பதிப்பகப் புத்தகங்களை வைக்கின்றன. பள்ளிக்குப் பள்ளி பதிப்பகம் மாறும். ஆகவே அங்கே பரிமாற்றம் பள்ளி மதிலுக்குள்ளேயே நடந்தாக வேண்டும், பக்கத்துத் தெருப் பள்ளியின் புத்தகம் உதவாது. என்.சி.இ.ஆர்.டி. புத்தகம் வைக்கும் வகுப்புகளில் பள்ளித் தடை இல்லை, ஆனால் இப்போது வேறொரு சிக்கல். தேசிய கல்விக் கொள்கையை ஒட்டிப் புதிய புத்தகங்கள் படிப்படியாக வருகின்றன. 1, 2ஆம் வகுப்புக்கு 2023-24இல் வந்தன. 3, 6ஆம் வகுப்புக்கு 2024-25இல். 4, 5, 7, 8ஆம் வகுப்புகளுக்கு 2025-26இல். இதை ஒரு பிள்ளையின் வழியில் வைத்துப் பாருங்கள். 2024-25இல் ஆறாம் வகுப்புக்கு வந்த பெண்ணுக்கு மேல்வகுப்பு அக்காவின் புத்தகம் பயன்படவில்லை, புதிது வாங்கினாள். அடுத்த ஆண்டு ஏழாம் வகுப்பு; அதுவும் அந்த ஆண்டுதான் மாறியது, மறுபடி புதிது. எட்டாம் வகுப்புக்கு அவள் 2026-27இல் வரும்போது, அந்தப் புத்தகம் ஏற்கெனவே ஓராண்டு புழங்கியிருக்கும். அங்கே பழையது கிடைக்கும். அவளுக்கு ஒரு வகுப்புப் பின்னால் வரும் தம்பிக்கோ ஆறிலிருந்தே எல்லாமும் கிடைக்கும். பாடத்திட்டம் மாறும் அலையின் முன்னால் நிற்கும் பிள்ளைக்குப் பரிமாற்றம் உதவாது, ஓராண்டு பின்னால் நிற்கும் பிள்ளைக்கு முழுதாக உதவும். தன் பிள்ளை எங்கே நிற்கிறது என்று பார்ப்பதுதான் முதல் வேலை.

இந்தப் புதிய புத்தகங்களில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஏழாம் வகுப்புக் கணக்கும் சமூக அறிவியலும் இரண்டு பகுதிகளாக வந்தன. கட்டைப் பிரித்துப் பார்க்காமல் வாங்கினால் முதல் பகுதி மட்டும் கையில் இருக்கும். அது தெரியவருவது பாதி ஆண்டு கழித்துத்தான்.

பழைய புத்தகம் இந்த ஆண்டுக்குப் பொருந்துமா என்று பார்க்க நான் செய்வது எளிது. அட்டைக்கு அடுத்த பக்கத்தில் முதல் பதிப்பு, மறுபதிப்பு ஆண்டுகள் இருக்கும். ஆண்டு வேறாக இருந்தாலே தூக்கிப் போட வேண்டாம், மறுஅச்சில் பெரும்பாலும் ஒன்றும் மாறுவதில்லை. பொருளடக்கத்தை எடுத்து, இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் இந்த ஆண்டுப் புத்தகத்தின் பொருளடக்கத்தோடு வரிக்கு வரி வைத்துப் பார்க்க வேண்டும். பாடநூல் கழகமும் என்.சி.இ.ஆர்.டி.யும் முழுப் புத்தகத்தையும் இணையத்தில் வைத்திருக்கின்றன. பழையதில் அதிகம் இருந்தால் கவலை இல்லை, குறைவாக இருந்தால்தான் கவலை. என்.சி.இ.ஆர்.டி. பத்தாம் வகுப்பு அறிவியலில் தனிம வரிசை அட்டவணைப் பாடத்தை நீக்கியபோது, பழைய புத்தகத்தில் அந்தப் பாடம் கூடுதலாக இருந்தது, அவ்வளவுதான். படிக்கத் தடை இல்லை. ஆனால் அதற்குப் பின்னால் வரும் பாடங்களின் எண் பெரும்பாலும் ஒன்று குறைந்தது. "ஆறாவது பாடம் கேள்வி பதில் எழுதி வா" என்று டீச்சர் சொன்னால், பழைய புத்தகப் பிள்ளை வேறு பாடத்தை எழுதி வரும். பொருளடக்கப் பக்கத்தில் புது எண்ணைப் பேனாவால் எழுதிக் கொடுத்துவிட்டால் தீர்ந்தது. ஐந்து நிமிட வேலை. இதைச் செய்யாததால்தான் பிள்ளைகள் "எனக்குப் பழைய புக் வேண்டாம்மா" என்கிறார்கள். பெரியவர்கள் அதைக் கௌரவப் பிரச்சினை என்று எடுத்துக்கொள்கிறார்கள். பல நேரம் அது வகுப்பில் பாட எண் பொருந்தாத பிரச்சினைதான்.

புத்தகத்தைவிடச் சீருடையில் மிச்சம் உறுதியானது என்பது என் முடிவு. காரணம் எளியது. புத்தகம் பாடத்திட்டத்தால் காலாவதி ஆகிறது, சீருடை பிள்ளை வளர்வதால் சிறுத்துப் போகிறது. துணி கெடும் முன்பே கை எட்டாமல் போகிறது. அதிலும் எல்லாத் துணியும் ஒன்றல்ல. வெள்ளைச் சட்டை மோசம். காலர் மடிப்பில் அழுக்கு ஏறி, அக்குள் மஞ்சளித்து, பாக்கெட்டில் மைக்கறை பிடித்திருக்கும். சட்டையை நான் பழையதாக எடுப்பதில்லை, அதைப் புதிதாக வாங்குவதே மேல். பேன்ட்டும் பினோஃபோரும் நல்ல பேரம். கெட்டித் துணி, கருநிறம், கறை தெரியாது. பேன்ட்டைத் திருப்பி உட்காரும் இடத்தை வெளிச்சத்துக்கு நேராகப் பிடியுங்கள். புள்ளி புள்ளியாக வெளிச்சம் ஊடுருவினால் நூல் தேய்ந்துவிட்டது, வேண்டாம். பளபளப்பு மட்டும் இருந்தால் எடுக்கலாம், இஸ்திரி போட்டுப் போட்டு வந்த மினுமினுப்பு அது. முழங்கால், ஜிப், இடுப்புக் கொக்கி பார்த்தால் போதும். கடைசியாகக் காலின் அடி மடிப்பைப் பிரித்துப் பார்க்க வேண்டும். இரண்டு விரற்கடை துணி உள்ளே மடித்திருந்தால் இன்னும் ஓராண்டு ஓடும். ஆல்டரேஷன் கடையில் கொடுத்து இறக்கிக்கொள்ளலாம். ஏற்கெனவே ஒருமுறை இறக்கியிருந்தால் பழைய மடிப்பு வெளிர்கோடாகத் தெரியும். அந்தக் கோட்டைப் பிள்ளைகள் பார்த்ததும் கண்டுபிடித்துவிடுவார்கள், அது எந்த இஸ்திரிக்கும் போகாது.

வாரத்துக்கு இரண்டு நாள் மட்டும் போடும் விளையாட்டுச் சீருடையும், ஆண்டு விழாவுக்கும் புகைப்படத்துக்கும் போட்ட கோட்டும் ஏறக்குறையப் புதிதாகவே இருக்கும். ஹவுஸ் கலர் டி-ஷர்ட்டில் ஒரு தடங்கல் உண்டு. சிவப்பு ஹவுஸ் பையனின் சட்டை நீல ஹவுஸ் பையனுக்கு ஆகாது. எனவே அளவோடு நிறத்தையும் எழுதி வைத்தால்தான் தேடுகிறவருக்குப் பயன். ஷூ மட்டும் வேண்டவே வேண்டாம். ஒரு பிள்ளையின் நடைக்கு ஏற்றபடி அடி தேய்ந்திருக்கும், அது அடுத்த பிள்ளையின் பாதத்துக்குத் தொந்தரவு.

மேலே சொன்ன அதே பையனுக்கு இதையும் கணக்குப் போடலாம். இரண்டு சட்டை, இரண்டு பேன்ட், ஒரு விளையாட்டுச் செட் சேர்த்துப் புதிதாக 3,050 ரூபாய் என்றால், சட்டை இரண்டும் 900க்குப் புதிதாக வாங்கி, மற்றதைப் பரிமாற்றத்தில் எடுத்து, மடிப்பு இறக்க 120 கொடுத்தால் செலவு 1,020. மிச்சம் 2,030. சீருடையின் விலை புத்தகக் கட்டைவிடக் குறைவு, மிச்சமோ அதைவிட அதிகம். இரண்டும் சேர்ந்து 8,250 ரூபாய் ரசீது 4,320 ஆகிறது.

இனி எப்படிக் கைமாற்றுவது என்பது. வாட்ஸாப் குழு போட்டால் நடந்துவிடும் என்று எல்லோரும் நினைக்கிறோம். நடப்பது வேறு. "ஏழாம் வகுப்பு புக்ஸ் இருக்கு" என்று ஒரு படம் வரும்; கீழே முப்பது செய்தி வந்து அதை மேலே தள்ளிவிடும்; தேவைப்படுகிறவர் பார்க்கும்போது அது யாருக்கோ போயிருக்கும். பழைய புத்தகக் கடை இருக்கவே இருக்கிறது. ஆனால் அங்கே விற்கிறவருக்குக் கிடைப்பது மிகக் குறைவு, வாங்குகிறவருக்கு ஒரு முழு செட் ஒரே கடையில் கிடைப்பது அரிது. பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புக்கும் நுழைவுத் தேர்வுக்கும் கடை உதவும், கீழ் வகுப்புக்கு உதவாது.

எங்கள் குடியிருப்பில் முதல் ஆண்டு செய்தது ஒருநாள் சந்தை. மே கடைசி ஞாயிறு, சமுதாயக் கூடத்தில் மேஜை போட்டு, கொண்டு வந்து வையுங்கள், வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள் என்று அறிவித்தோம். மேஜை நிறைந்தது. எடுத்துக்கொண்டு போனவர்கள் சிலர்தான். இரண்டு தவறுகள். தேதி தாமதம், அதுதான் பெரிய தவறு. சி.பி.எஸ்.இ. பள்ளிகளில் மார்ச்சில் தேர்வு முடிந்து ஏப்ரல் முதல் வாரத்திலேயே அடுத்த வகுப்பு தொடங்கிவிடுகிறது. கைமாற நடுவில் இருப்பது பத்துப் பன்னிரண்டு நாள்தான். மே கடைசியில் அவர்களெல்லாம் புதிது வாங்கி இரண்டு மாதமாகியிருந்தது. மாநிலப் பாடத்திட்டக்காரர்களுக்கு ஏப்ரலில் முடிந்து ஜூனில் திறக்கும், அவர்களுக்கு ஒரு மாதத்துக்கு மேல் அவகாசம். இரண்டு பேருக்கும் ஒரே தேதி வைத்தது அறியாமை. இரண்டாவது தவறு, வந்ததையெல்லாம் வாங்கியது. பரண் சுத்தம் செய்ய நல்ல நாள் என்று பலர் நினைத்துவிட்டார்கள். பத்தாண்டுப் பழைய புத்தகமும் எலி கடித்த அகராதியும் மேஜையில் இருந்தன. நல்ல புத்தகம் அதற்கு அடியில் புதைந்து போயிற்று.

மறு ஆண்டு பிள்ளைகளை இணையாகக் கோத்தோம். பிப்ரவரியில் ஒரு நோட்டில் பள்ளி, வகுப்பு, சட்டை அளவு, பேன்ட் அளவு என்று எழுதி வாங்கி, ஒரே பள்ளியில் ஒரு வகுப்பு முன்னால் இருப்பவரையும் பின்னால் இருப்பவரையும் சேர்த்தோம். கடைசிப் பரீட்சைக்கு மறுநாள் மாலைக்குள் கட்டு நேராக அந்த வீட்டுக்குப் போய்விட வேண்டும். நடுவில் மேஜை இல்லை, குவியல் இல்லை. இணை கிடைக்காதவர்களுக்கு மட்டும் ஒரு அலமாரி. விலை வைப்பதா, சும்மா கொடுப்பதா என்று நிறைய வாக்குவாதம் நடந்தது. சும்மா கொடுத்தால் வாங்குகிறவருக்குக் கூச்சம் என்றார்கள் சிலர். விலை வைத்தால் பேரம் வரும் என்றார்கள் சிலர். கடைசியில் யார் கொடுக்கிறார்களோ அவர்களுக்கு மேலிருந்து ஒன்று வரும் என்ற சங்கிலியே போதுமாக இருந்தது. வாங்குகிறவரே அடுத்த ஆண்டு கொடுக்கிறவர். சட்டை அளவை மட்டும் நோட்டில் இருந்ததை நம்பி மோசம் போனோம். பிப்ரவரிக்கும் ஜூனுக்கும் நடுவே ஏழாம் வகுப்புப் பையன்கள் ஒரு சைஸ் கூடிவிடுகிறார்கள். கொடுக்கும் நாளன்று டேப் வைத்து அளப்பதுதான் சரி.

பதினொன்றாம் வகுப்புப் புத்தகம் இந்தச் சங்கிலியில் வராது. நீட் எழுத நினைக்கும் பிள்ளை பதினொன்றாம் வகுப்புப் பாடத்தையும் மறுபடி படிக்க வேண்டும், அதனால் மே மாதம் தேர்வு முடியும் வரை இரண்டு ஆண்டுப் புத்தகமும் கையில் இருக்கும். அதைக் கேட்டு நச்சரிப்பது நியாயமல்ல. மே முதல் வாரத் தேர்வுக்குப் பிறகு இரண்டாண்டுக் கட்டும் ஒரே வீட்டிலிருந்து ஒன்றாகக் கிடைக்கும், அதுவும் மாநிலப் பாடத்திட்டத்துப் பிள்ளைக்கு ஜூனுக்குள் வந்துவிடும்.

பள்ளி ஒத்துழைத்தால் பாதி வேலை குறையும். ஒத்துழைக்காவிட்டால் பல நேரம் முட்டுக்கட்டைதான் என்பதும் உண்மை. எனக்குத் தெரிந்த ஒரு பள்ளியில் கட்டை முழுதாக வாங்கினால்தான் நோட்டு தருவோம் என்றார்கள். பழைய புத்தகம் கையில் இருந்தும், நோட்டுக்காகப் புத்தகத்தையும் வாங்க வேண்டியதாயிற்று. கட்டைப் பிரித்து விற்கச் சொல்வதுதான் பெற்றோர் முதலில் கேட்க வேண்டியது. அதற்குக் கையில் பிடி உண்டு. தனியார் பதிப்பகப் புத்தகம் வைக்கும் சி.பி.எஸ்.இ. பள்ளிகள் அந்தப் பட்டியலைத் தங்கள் இணையதளத்தில் போட வேண்டும் என்று இணைப்பு விதிகள் சொல்கின்றன. பள்ளி வளாகத்தில் புத்தகம், சீருடை வியாபாரம் கூடாது என்று 2017இலேயே வாரியம் அறிவுறுத்தியது. பட்டியல் மார்ச்சிலேயே வெளியானால், எது மாறியது என்று பார்த்துப் பரிமாற்றத்துக்கு ஏற்பாடு செய்யலாம். பள்ளி திறக்கும் நாளன்று கட்டோடு பட்டியலைக் கொடுத்தால் அதனால் யாருக்கும் பயனில்லை.

சீருடையில் இதற்கு நிகரான கேள்வி, வடிவம் எத்தனை ஆண்டு மாறாமல் இருக்கும் என்பது. கட்டத்தின் நிறத்தைக் கொஞ்சம் மாற்றினாலே போன ஆண்டுத் துணி முழுதும் வீண். டெல்லி அரசு 2022இல் தனியார் பள்ளிகளுக்கு ஒரு உத்தரவு போட்டது. சீருடையின் நிறம், வடிவம் எதையும் குறைந்தது 3 ஆண்டுகளுக்கு மாற்றக்கூடாது, அருகில் குறைந்தது 5 கடைகளின் விவரத்தைக் காட்ட வேண்டும் என்று. அந்த 3 ஆண்டு என்பது பரிமாற்றத்துக்கு மிகவும் வேண்டிய ஒன்று. இங்கிலாந்து இன்னும் ஒரு படி போனது. 2021இல் சீருடைச் செலவு பற்றிச் சட்டம் இயற்றி, அதன் கீழ் வந்த வழிகாட்டுதலில், பழைய சீருடை கிடைக்கும்படி செய்வது பள்ளியின் பொறுப்பு என்றும், அது எங்கே கிடைக்கும் என்ற தகவலைப் பள்ளியின் இணையதளத்தில் போட வேண்டும் என்றும் வைத்தார்கள். நம் பள்ளிகளிடம் நான் கேட்பது இவ்வளவு பெரியது அல்ல. வரவேற்பறைக்குப் பக்கத்தில் ஒரு அலமாரி, அதற்கு ஒரு பொறுப்பாளர், மாற்றத்தை ஓராண்டு முன்பே அறிவிக்கும் ஒரு சுற்றறிக்கை.

அலமாரி வைத்தால் வயது வரம்பும் வைக்க வேண்டும். கல்லூரிகளில் பட்டியலின மாணவர்களுக்கான புத்தக வங்கித் திட்டத்தில் ஒரு செட்டின் ஆயுள் 3 ஆண்டு என்று வகுத்திருந்தார்கள். பள்ளிப் புத்தகத்துக்கும் அது சரியாகவே இருக்கிறது. முன்னட்டையின் உள்பக்கம் பெயர் எழுதும் இடத்தில் மூன்று பெயர் ஏறிவிட்டால் தையல் விட்டுப்போகிறது, நடுப் பக்கங்கள் கழன்று விழுகின்றன. நான்காவது பிள்ளைக்கு அதைக் கொடுப்பதில்லை. ஜூன் இரண்டாம் வாரம் எங்கள் குடியிருப்பு அலமாரியைத் திறந்து, மூன்று பெயர் உள்ளதையும் பாடத்திட்டம் மாறியதையும் பிரித்து எடுத்து எடைக்குப் போடுகிறோம். சீருடை என்றால் பாக்கெட்டில் தைத்த பள்ளி முத்திரையைப் பிரித்துவிட்டுத்தான் வெளியே கொடுக்கிறோம். எடைக்குப் போட்ட காசில் அடுத்த ஏப்ரலுக்கான பிரவுன் ஷீட் வாங்கி வைத்துவிடுகிறோம்.